வேலையும் படிப்பும் ஒரே காலத்தில்: பட்டத்தை எவ்வாறு எடுத்துரைப்பது?

பணியில் இருந்துகொண்டே தொலைநிலைக் கல்வி வழியாகவோ மாலை நேரக் கல்லூரியிலோ பட்டம் பெற்றவர்களின் தன்விவரக் குறிப்புகளைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலும் இரண்டு போக்குகளுள் ஒன்று தென்படும். ஒரு சாரார் ‘தொலைநிலை’ என்னும் சொல்லையே மறைத்துவிட்டு, பட்டத்தின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் மட்டும் எழுதுகின்றனர். மற்றொரு சாரார் ‘கடின உழைப்பும் ஒழுங்கும் உடையவன்’ என்று தம்மைப் பற்றித் தாமே சான்றுரை வழங்கிக்கொள்கின்றனர். முதல் வகையினர் தம்மிடம் உள்ள நல்ல சான்றை மூடி வைக்கின்றனர். இரண்டாம் வகையினர் அந்தச் சான்றை வெறும் சொல்லாக்கி விடுகின்றனர். எல்லா விண்ணப்பங்களிலும் காணப்படும் அச்சொல்லை நேர்காணல் குழுவினர் படிப்பதே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

சான்று எங்கே இருக்கிறது? பட்டத்தில் இல்லை. பட்டத்தின் தேதிகளும் பணியின் தேதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இடத்தில் இருக்கிறது. ஒருவர் முழுநேர வேலையில் இருந்த அதே ஆண்டுகளில் தேர்வுகளையும் எழுதி முடித்திருக்கிறார் என்பதைத் தாள்கள் காட்டினால், ஒழுங்கு என்னும் சொல்லை அவர் எழுத வேண்டிய தேவையே எழாது. ஆனால் அந்தப் படிவு தெளிவாகத் தெரிய வேண்டும். ஐயத்துக்கு இடமளிக்கக் கூடாது. ‘2019 முதல் பணி’ என்றும் ‘2021 முதல் 2025 வரை பி.காம்.’ என்றும் மட்டும் எழுதி, கல்வி முறையைக் குறிப்பிடாமல் விட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? கல்லூரிக்குச் சென்றிருந்தால் வேலைக்கு எப்படிச் சென்றார், வேலைக்குச் சென்றிருந்தால் வருகைப் பதிவு எப்படிக் கிடைத்தது, இரண்டில் ஒன்று பொய்யோ என்றுதான் எண்ணுவார். ‘தொலைநிலைக் கல்வி’ என்ற சொல்லைச் சேர்த்தவுடன் அந்த முரண் மறைகிறது. மறைக்க நினைத்த சொல்லே அந்தப் பதிவைக் காப்பாற்றுகிறது.

சட்ட நிலையிலும் அச்சொல்லை மறைக்க வேண்டிய காரணம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை மற்றும் இணையவழிக் கல்வி ஒழுங்குமுறைகள், ஏற்பளிக்கப்பட்ட நிறுவனங்கள் அம்முறையில் வழங்கும் இளநிலை, முதுநிலைப் பட்டங்களை மரபுவழிக் கல்லூரிப் பட்டங்களுக்கு நிகராகவே கருதுகின்றன. 2022 செப்டம்பரில் மானியக் குழு இதனை மீண்டும் தெளிவுபடுத்தியது. விண்ணப்பப் படிவத்தில் ‘முறைப்படியானதா, தொலைநிலையா’ என்று கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி நிரப்புவதே பாதுகாப்பு. பட்டம் செல்லும், பொய்யான விவரம் செல்லாது. பணியில் சேர்ந்த பிறகும் பின்னணிச் சரிபார்ப்பில் அது வெளிப்பட்டு வேலையையே பறிக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். புனே அருகே சாக்கனில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடம். அதன் கணக்குப் பிரிவில் 2019 பிப்ரவரியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஓர் இளைஞர் உதவியாளராகச் சேர்கிறார் என்று கொள்வோம். வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வேலை. 2021 ஜூலைப் பருவத்தில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது எல்லோரும் இக்னோ என்று அழைக்கும் நிறுவனத்தில், பி.காம். படிப்புக்குப் பதிவு செய்கிறார். 2025 ஜூன் தேர்வோடு முடிக்கிறார்.

இப்படிப்பின் அளவைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இக்னோவில் பாடங்களின் எடை கிரெடிட் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 30 மணி நேரப் படிப்பு. பாடநூலைப் படிப்பது, ஒப்படைப்புகளை எழுதுவது, ஆலோசனை வகுப்புக்குச் செல்வது எல்லாம் அதில் அடங்கும். பி.காம். பட்டத்துக்கு 132 கிரெடிட்டுகள். பெருக்கினால் 3,960 மணி நேரம். குறைந்தபட்சக் காலமான மூன்று ஆண்டுகளில் முடிப்பவருக்கு வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் ஆகும். நம் இளைஞரைப் போல் நான்கு ஆண்டுகளில் முடிப்பவருக்குச் சுமார் பத்தொன்பது மணி நேரம். வார நாள்களில் காலை ஐந்து முதல் ஏழு வரை, ஞாயிறன்று ஏழு மணி நேரம் என்று வைத்தால் கணக்கு ஒத்துவருகிறது. உச்ச வரம்பு ஆறு ஆண்டுகள். ஆகவே நான்கு ஆண்டுகள் என்பது தாமதம் அன்று. வேலையில் இருப்பவருக்கு அது நியாயமான வேகமே.

இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நேர்காணலில் ‘நான் 3,960 மணி நேரம் படித்தேன்’ என்று சொல்லிவிடக் கூடாது. அது பாடத்திட்டம் வகுத்தவர்களின் மதிப்பீடே தவிர, ஒருவர் செலவிட்ட நேரத்தின் பதிவு அன்று. கேட்பவர் இக்னோவை அறிந்தவராயின் அந்த எண்ணைக் கேட்டதும் புன்னகைப்பார். ‘காலை இரண்டு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் படிப்புக்கென்று ஒதுக்கினேன்’ என்பது சிறிய கூற்றாக இருந்தாலும் நம்பத்தக்கது.

மணி நேரத்தை விடப் பெரிய சான்று தேர்வு அட்டவணைதான். இக்னோவின் பருவ இறுதித் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் பருவத்துக்கும் டிசம்பர் பருவத்துக்கும் நடைபெறுகின்றன. பெரும்பாலான பாடங்களில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடும் இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் எடை உண்டு. உரிய நாளுக்குள் ஒப்படைப்பைச் சமர்ப்பித்தால்தான் அப்பாடத் தேர்வை எழுத முடியும். ஆக, ஆண்டுக்கு இருமுறை ஒப்படைப்புக்கு ஒரு கெடு, தேர்வுப் படிவத்துக்கு ஒரு கெடு, பிறகு தேர்வு என்றும், ஆண்டுதோறும் அடுத்த கட்டத்துக்கான மறுபதிவுக்கு ஒரு கெடு என்றும் நாள்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கல்லூரியில் இவற்றை நினைவூட்ட ஆசிரியரும் அறிவிப்புப் பலகையும் நண்பர்களும் உண்டு. தொலைநிலை மாணவருக்கு நினைவூட்டுவார் எவருமிலர். மறுபதிவுக்கான நாளைத் தவறவிட்டால் ஆறு மாதமோ ஓராண்டோ வீணாகும். தொலைநிலைக் கல்வியில் சேர்ந்து முடிக்காமல் நின்றவர்களிடம் கேட்டால், பாடம் கடினமாக இருந்தது என்பதை விட ‘பணம் கட்டும் தேதி போய்விட்டது’ என்பதே அடிக்கடி கேட்கும் பதிலாக இருக்கும்.

நம் இளைஞரின் அலுவலக நாட்காட்டியை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம். கணக்குப் பிரிவில் மார்ச் இறுதி ஆண்டுக் கணக்கு முடிப்பு. மே 31க்குள் நான்காம் காலாண்டின் வருமான வரிப் பிடித்த விவரங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அது முடிந்த கையோடு ஜூன் தேர்வு. டிசம்பர் 31 சரக்கு மற்றும் சேவை வரியின் ஆண்டு விவர அறிக்கைக்குக் கடைசி நாள். அதே மாதத்தில் டிசம்பர் தேர்வு. 2021 ஜூலையில் சேர்ந்தவருக்கு 2025 ஜூன் வரை எட்டுத் தேர்வுப் பருவங்கள் வாய்த்தன. அவற்றுள் ஏழில் எழுதினார். 2022 டிசம்பரில் மட்டும் எழுதவில்லை. அவ்வாண்டு கணக்குப் பிரிவில் ஒருவர் விலகியதால் ஆண்டு அறிக்கை முழுவதும் இவர் மீது விழுந்தது. விட்ட பாடங்களை 2023 ஜூனில் அப்பருவத்துப் பாடங்களோடு சேர்த்து எழுதினார். ஒரு பாடத்தில் தோல்வியுற்று, 2023 டிசம்பரில் மீண்டும் எழுதி வென்றார்.

இந்த ஒரு விடுபாட்டையும் ஒரு தோல்வியையும் மறைக்கத்தான் பலருக்கும் தோன்றும். என் கருத்து நேர்மாறானது. எட்டுப் பருவங்களிலும் ஒரே சீராக எழுதியவரைக் காட்டிலும், ஒரு பருவம் விட்டுப்போய் அடுத்த பருவத்திலேயே திரும்பி வந்தவரின் மதிப்பெண் பட்டியல் ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்கிறது. அலுவலகக் கடமையை உதறிவிட்டுத் தேர்வுக்கு ஓடவில்லை. தேர்வை விட்டபின் படிப்பையும் கைவிடவில்லை. வேலை கொடுப்பவர் அறிய விரும்புவதே இந்த இரண்டையும்தான். ஆயினும் இடைவெளி ஒரு பருவமாக இருக்கும்போது இவ்வாதம் நிற்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் எதுவும் எழுதாமல் இருந்து, உச்ச வரம்பு நெருங்கும்போது அவசரமாக முடித்திருந்தால், அந்தப் பட்டத்தை ஒழுங்கின் சான்றாக முன்வைப்பது பொருந்தாது. கல்வித் தகுதியாக மட்டும் காட்டிவிட்டு நகர்வதே முறை.

இனி எழுதும் விதம். அந்த இளைஞரின் முதல் வரைவில் கல்விப் பகுதியில் ‘பி.காம்., இக்னோ, 2025’ என்று மட்டும் இருந்ததாகக் கொள்வோம். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது எதையும் சொல்லவுமில்லை. இரண்டு இடங்களில் இரண்டு வரிகள் சேர்த்தால் போதும். கல்விப் பகுதியில், ‘பி.காம்., இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், தொலைநிலைக் கல்வி, ஜூலை 2021 – ஜூன் 2025, முழுநேரப் பணியில் இருந்தபடி முடித்தது’ என்று எழுதலாம். பணி அனுபவப் பகுதியில், ‘கணக்குப் பிரிவு உதவியாளர், பிப்ரவரி 2019 முதல் இன்றுவரை, இடைவெளியின்றி’ என்பதற்குக் கீழே, அக்காலத்தில் கூடிய பொறுப்பை எழுத வேண்டும்: ‘2022 முதல் வரி ஆண்டு அறிக்கைத் தயாரிப்பு’. படிப்பு நடந்த காலத்தில் வேலையின் சுமை குறையவில்லை, கூடியது என்பதை இந்த வரி காட்டுகிறது. மாதத்தையும் குறிப்பிட வேண்டும். ஆண்டை மட்டும் எழுதினால் இரு காலங்களும் எவ்வளவு நீளம் படிந்தன என்பது தெரியாது. சேர்ந்த ஆண்டை விட்டுவிட்டு முடித்த ஆண்டை மட்டும் எழுதும் வழக்கமும் இதனாலேயே பயனற்றது.

தன்விவரக் குறிப்பின் தொடக்கத்தில் ‘ஒழுங்கு’, ‘விடாமுயற்சி’ போன்ற சொற்கள் இருந்தால் அவற்றை எடுத்துவிடலாம். அவை இருக்கும்வரை, கீழே உள்ள தேதிகள் அச்சொற்களுக்கு விளக்கம் போலத் தோன்றும். அவை இல்லையென்றால் படிப்பவர் தாமே அந்த முடிவுக்கு வருவார். தாமே கண்ட முடிவை எவரும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

நேர்காணலில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் ‘ஏன் கல்லூரிக்குச் செல்லவில்லை?’ என்பதே. இதற்கு ஒரு வாக்கியம் போதும்: ‘வீட்டுக்கு வருமானம் தேவைப்பட்டது, வேலையில் நிலைபெற்ற பிறகு பட்டப்படிப்பைத் தொடங்கினேன்.’ வறுமையை நீட்டி விவரிப்பதால் பரிவு கிடைக்கலாம். வேலைக்குப் பொருத்தமானவர் என்ற எண்ணம் அதனால் உண்டாகாது. அடுத்த கேள்விதான் முக்கியமானது. ‘படித்தவற்றுள் எது உங்கள் வேலைக்கு உதவியது?’ என்று கேட்பார்கள். அது உபசாரக் கேள்வி அன்று; ஒரு சோதனை. விடை எழுதப்பட்ட ஒப்படைப்புகளும் தேர்வு வழிகாட்டி நூல்களும் கடைகளில் விற்பனையாவதை நேர்காணல் குழுவினர் அறிவார்கள். அவற்றை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவரா, பாடத்தைப் படித்தவரா என்பது இக்கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.

நம் இளைஞர் இதற்குச் செலவுக் கணக்கியல் பாடத்தைச் சொல்லலாம். தொழிற்கூடத்தில் உலோகக் கழிவு விற்பனையை ‘இதர வருமானம்’ என்று ஒரே தலைப்பில் எழுதிவந்தனர். கழிவின் மதிப்பை அது உண்டான வேலைப் பிரிவின் செலவிலிருந்து கழிக்கலாம் என்று பாடத்தில் படித்தபின், எந்த இயந்திரத்திலிருந்து எத்தனை கிலோ கழிவு வருகிறது என்று ஒரு தனிப் பதிவேடு தொடங்க மேலாளரிடம் அனுமதி கேட்டார். இப்படி ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு செயல், அதன் பயன் என்று சொன்னால் போதும். பத்துப் பாடங்களின் பெயர்களை அடுக்குவதில் பொருளில்லை. சொல்லும் செயல் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதைத் தனியே கூறத் தேவையில்லை. அடுத்த இரு துணைக் கேள்விகளில் கட்டுக்கதை கலைந்துவிடும்.

‘இப்போதும் ஏதேனும் படிக்கிறீர்களா? எங்கள் வேலை பாதிக்கப்படுமே?’ என்ற கேள்வியும் எழலாம். பணியாற்றிக்கொண்டே படித்தவர்களிடம் முதலாளிகளுக்கு உள்ள ஐயம் இது, அதில் தவறில்லை. தேர்வுக்காக எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள், எப்படி முன்கூட்டித் தெரிவித்தீர்கள் என்பதே இதற்கு விடை. தேர்வு அட்டவணை வந்தவுடன் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, தேர்வு நாள்களுக்கு மட்டும் ஈட்டிய விடுப்பு எடுத்தவர் அதை அப்படியே சொல்லலாம். முந்தைய நிறுவனம் தரும் அனுபவச் சான்றிதழில் ‘பணிக் காலத்திலேயே பட்டப்படிப்பை முடித்தார்’ என்று ஒரு வரி சேர்த்துத் தரும்படி கேட்பதும் தகும். பலரும் இதனைக் கேட்பதே இல்லை. கேட்டால் மறுக்கும் மேலாளர் அரிது.

அரசுப் பணியிலோ பொதுத்துறையிலோ இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல துறைகளில் உயர்கல்வியில் சேருமுன் துறைத் தலைமைக்குத் தெரிவித்து முன் அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றிப் பெற்ற பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் சேர்க்க மறுக்கும் நிலை நேரும். ஒழுங்குக்குச் சான்றாகக் காட்ட வேண்டிய பட்டமே ஒழுங்கு மீறலாகி நிற்பது வேதனையானது. ஆகவே சேர்க்கைக் கட்டணம் செலுத்துமுன் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் பட்டம் செல்லுபடியாகும் என்ற அடிப்படையில்தான் நிற்கிறது. அதனைச் சரிபார்க்கும்போது பலரும் செய்வது, பல்கலைக்கழகம் ஏற்புடையதா என்று மட்டும் பார்ப்பது. அது போதாது. தொலைநிலைக் கல்விக்கான ஏற்பு, நிறுவனத்துக்கு மட்டுமின்றி ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும், குறிப்பிட்ட கல்வியாண்டுக்கு என்றே தரப்படுகிறது. ஆகவே நீங்கள் சேர்ந்த பருவத்தில் உங்கள் படிப்பு பட்டியலில் இருந்ததா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு நடத்தும் deb.ugc.ac.in தளத்தில் பார்க்க வேண்டும். இன்று பட்டியலில் இருக்கிறது என்பது அன்று இருந்ததற்குச் சான்றாகாது. எல்லை வரம்பும் உண்டு. இக்னோ நாடு முழுவதும் நடத்தலாம். மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியைத் தன் எல்லைக்குள் மட்டுமே நடத்தலாம். வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ‘மையம்’ என்று உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பலகை தொங்கினால், அங்கே பணம் கட்டுமுன் யோசிக்க வேண்டும்.

பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம் போன்றவை தொலைநிலையில் அனுமதிக்கப்படுவதில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் அளித்த தீர்ப்பு, அவற்றை நம்பிப் பதவி உயர்வு பெற்றிருந்த பலரைப் பாதித்தது. பட்டயப் பொறியாளர்கள் வேலையில் இருந்தபடி பொறியியல் பட்டம் பெற விரும்பினால், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலோடு பணியாளர்களுக்கென நடத்தப்படும் மாலை நேர வகுப்புகளே வழி. அங்கே வருகைப் பதிவும் இருப்பதால், தேதிப் படிவு என்னும் சான்று இன்னும் வலுவாகவே இருக்கும்.

‘ஒரே ஆண்டில் பட்டம்’ என்ற விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். சேர்ந்த தேதிக்கும் முடித்த தேதிக்கும் இடையே குறைந்தபட்சக் காலம் இல்லாத பட்டத்தைப் பார்த்ததும் சரிபார்ப்பவர் அதனைத் தனியே எடுத்து வைத்துவிடுவார். பின்தேதியிட்டுச் சேர்க்கை காட்டப்பட்டிருந்தால், அக்காலத்தில் கட்டணம் செலுத்திய ரசீதைக் கேட்பார். உண்மையாகப் படித்தவரிடம் அது இருக்கும். ஆண்டுதோறும் செலுத்திய மறுபதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கையில், சம்பளம் வரவான அதே பக்கத்தில், பற்றாகப் பதிவாகியிருக்கும். கணக்கு அறிக்கையை நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம்; அது உங்கள் தனிப்பட்ட ஆவணம். ரசீதுகளைப் பாதுகாத்து வைத்தால் போதும்.

இந்தச் சான்றுக்கு எல்லையும் உண்டு. சில பொதுத்துறை நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகள் சில பதவிகளுக்கு முழுநேர, முறைப்படியான பட்டம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கின்றன. அங்கே எத்துணை நயமாக எடுத்துரைத்தாலும் பயனில்லை; விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்துமுன் தகுதி விதியைப் படித்துவிட வேண்டும். குழுவோடு இணைந்து பணியாற்றும் திறனையும் ஆய்வகப் பயிற்சியையும் இப்பட்டம் காட்டுவதில்லை. அவற்றைக் கேட்கும் வேலைக்குப் பணி அனுபவத்திலிருந்துதான் சான்று தர வேண்டும்.

நேர்காணலுக்குச் செல்லும்போது கோப்பில் நான்கு தாள்கள் வரிசையாக இருந்தால் நலம்: சேர்க்கை உறுதிக் கடிதம், பாடவாரியான மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ் அல்லது பட்டம், அக்காலத்துக்கான பணி அனுபவச் சான்றிதழ். டிஜிலாக்கரில் பட்டம் பதிவேற்றப்பட்டிருந்தால் சரிபார்ப்பு விரைவாக முடியும். எல்லாத் தாள்களிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயர் இருந்து, பட்டம் மூன்றாவது விதமாக அச்சாகியிருந்தால், அதனைத் திருத்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க மாதங்கள் பிடிக்கும். வேலை அழைப்பு அதுவரை காத்திருக்காது.